‘பூமிக்கு உகந்தது’ வேண்டாம், எத்தனை கிராம் குறைந்தது என்று எழுதுங்கள்

பொருள்களின் லேபிள் வாசகங்களைத் திருத்துவது என் தொழில். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாததை நீக்கச் சொல்வேன், இருப்பதைத் தெளிவாக எழுதிக் கொடுப்பேன். ‘பசுமை’, ‘இயற்கைக்கு நேசமானது’, ‘பொறுப்புள்ள தேர்வு’ என்று எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் வாக்களிக்கும் லேபிள்கள் ஓயாமல் வருகின்றன. அண்மையில் வந்த ஒரு லேபிளைப் பார்த்ததும், இதை ஒருமுறையாவது விரிவாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அது கைகழுவும் திரவ சோப்பின் பாட்டில். முகப்பில் இரண்டு பச்சை இலைகள். அவற்றின் கீழே இந்த வாசகம்: “பூமியை நேசிக்கும் புதிய பாட்டில்! சூழலுக்கு உகந்தது. 20% குறைவான பிளாஸ்டிக். 50% மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கால் ஆனது.”

முதல் இரண்டு வாக்கியங்களை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். வந்த பதில் நான் பலமுறை கேட்டதுதான்: “எண்களைச் சரிபாருங்கள், அது நியாயம். ஆனால் ‘சூழலுக்கு உகந்தது’ என்பது பொதுவாகச் சொல்வது. அதில் தப்பு கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அதை விட்டுவிடுங்கள்.”

இந்த எண்ணம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பொதுவான சொல்லுக்கு ஆதாரம் வேண்டாம், எண்ணுக்குத்தான் ஆதாரம் வேண்டும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிரானது. ‘20% குறைவான பிளாஸ்டிக்’ என்றால் நீங்கள் பொறுப்பேற்பது ஓர் அளவுக்கு மட்டும். ‘சூழலுக்கு உகந்தது’ என்றால் வாங்குபவர் எதை நினைத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சோப்பு நீர்நிலைக்குக் கெடுதல் செய்யாது என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். பாட்டில் மட்கிவிடும் என்று இன்னொருவர் நினைப்பார். தயாரிப்பில் மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாயின என்று மற்றொருவர் நம்புவார். இவர்கள் யாரும் தவறாகப் படிக்கவில்லை. அத்தனை பொருளுக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலை அது. வாங்குபவர் நிரப்பிக்கொள்ளும் தொகை முழுவதையும் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆனால் இந்த நிறுவனத்தின் கையில் இருந்த ஆதாரம் என்ன? பாட்டிலின் எடை குறைந்ததற்கான ஒரு தாள். சோப்பின் கலவை மாறவில்லை, தயாரிப்பு முறையும் மாறவில்லை.

இது என் தனிப்பட்ட கண்டிப்பும் இல்லை. நிறுவனங்கள் தாமே அறிவிக்கும் சுற்றுச்சூழல் கூற்றுகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 14021. தெளிவற்ற கூற்றுகளையும், மொத்தமாக நன்மை செய்கிறது என்று பொருள்படும் கூற்றுகளையும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த 2024/825 என்ற ஆணை, தகுந்த சான்று இல்லாத பொதுவான சுற்றுச்சூழல் கூற்றுகளை நேர்மையற்ற வணிகமுறையாகவே வகைப்படுத்துகிறது; அது 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்குரியது. இலைப் படத்துக்கும் இதே கேள்விதான். அது சொல்லாமல் சொல்லும் கூற்று.

நட்சத்திரக் குறி போட்டுப் பின்பக்கத்தில் விளக்கம் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டார்கள். போதாது. விளக்கம் கூற்றின் அருகிலேயே, படிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். முன்பக்கம் பெரிதாகச் சொன்னதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் திரும்பப் பெற முடியாது.

இனி எண்களுக்கு வருகிறேன். மாற்றம் என்று சொன்னால் நான் முதலில் கேட்பது எடைப் பட்டியல்: பழையது, புதியது, உறுப்பு உறுப்பாக. பட்டியல் வந்தது. பழைய பாட்டிலின் உடல் 40 கிராம், பம்ப் 12 கிராம், பிளாஸ்டிக் லேபிள் 2 கிராம், மொத்தம் 54 கிராம். புதியதில் உடல் 32 கிராம், பம்பும் லேபிளும் அப்படியே, மொத்தம் 46 கிராம். உடலில் 8 கிராம் குறைந்திருக்கிறது. 40இல் 8 என்றால் 20 சதவீதம். கணக்கு சரி. ஆனால் கடையில் வாங்குபவர் உடலை மட்டும் வாங்குவதில்லை, பம்ப் பொருத்திய பாட்டிலை வாங்குகிறார். 54இல் 8 என்றால் ஏறத்தாழ 15 சதவீதம்தான்.

இதோடு முடிந்திருந்தால் “பாட்டிலின் உடலில்” என்ற சொற்களைச் சேர்த்து விட்டிருப்பேன். பட்டியலின் இன்னொரு வரி என்னை நிறுத்தியது. பழைய பாட்டிலின் கொள்ளளவு 500 மில்லி, புதியது 450 மில்லி. உள்ளே இருக்கும் பொருள் குறைந்தால் பாட்டில் சிறிதாவது இயல்பு. ஒப்பீடு செய்யும்போது ஒரே அளவு சோப்புக்கு எவ்வளவு பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். லிட்டர் கணக்கில் பழையது 108 கிராம், புதியது சுமார் 102 கிராம். குறைந்தது 5 சதவீதத்துக்குச் சற்றே மேல். முகப்பில் 20 என்று நின்ற எண், பம்ப், லேபிள், கொள்ளளவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்ததும் 5 ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்ல உட்காரவில்லை. பாட்டில் தயாரித்தவர் உடலின் எடையைச் சொன்னார், விற்பனைப் பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொண்டது, கொள்ளளவு வேறொரு கோப்பில் இருந்தது. இந்தத் துறையில் தவறான கூற்றுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. அதனால்தான் எடையும் கொள்ளளவும் ஒரே தாளில் வேண்டும் என்று விடாமல் கேட்கிறேன்.

சதவீதத்தில் இன்னொரு குழி உண்டு. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் சுற்றுச்சூழல் கூற்றுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு தரைவிரிப்பின் எடுத்துக்காட்டு வருகிறது. ‘முன்பைவிட 50% கூடுதல் மறுசுழற்சிப் பொருள்’ என்கிறது அதன் லேபிள். நடந்தது, 2 சதவீதம் 3 ஆனது. கணக்குப்படி உண்மை, வாங்குபவர் மனத்தில் பதிவது பொய். ‘2 சதவீதத்திலிருந்து 3 சதவீதம்’ என்று இரண்டு எண்ணையும் எழுதினால் இந்தச் சிக்கலே எழாது.

அடுத்தது மறுசுழற்சிப் பங்கு. 50% என்பதற்கு பாட்டில் தயாரிப்பாளரின் கடிதம் இருந்தது. கடிதத்தைப் படித்தால் இரண்டு வகைகளைச் சேர்த்து 50 என்று எழுதியிருந்தார்: 30 சதவீதம் மக்கள் பயன்படுத்தி எறிந்த பாட்டில்களிலிருந்து மீட்டது, 20 சதவீதம் ஆலையிலேயே வெட்டப்பட்ட துண்டுகள். இந்த வகைப் பாட்டிலை அச்சில் ஊதி எடுக்கும்போது கழுத்திலும் அடியிலும் மிச்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை வெட்டி, அரைத்து, அதே எந்திரத்துக்குத் திருப்பிவிடுவது ஆலையின் அன்றாட வழக்கம். அப்படிச் செய்யாவிட்டால் அவர்களுக்கே நட்டம். அதே செயல்முறையில் உண்டாகி அதற்குள்ளேயே திரும்பும் மிச்சத்தை மறுசுழற்சிப் பங்கில் சேர்க்கக் கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 14021 தெளிவாகச் சொல்கிறது. குப்பைக்குப் போக இருந்த எதுவும் அங்கே மீட்கப்படவில்லை. பழைய பாட்டிலிலும் அந்தத் துண்டுகள் இருந்திருக்கும்.

ஆகவே உண்மையான பங்கு உடலில் 30 சதவீதம், அதாவது 32 கிராமில் 9.6 கிராம். பம்பும் லேபிளும் முழுக்கப் புதுப் பிளாஸ்டிக். மொத்தம் 46 கிராமோடு ஒப்பிட்டால் 21 சதவீதம். தயாரிப்பாளரின் கடிதத்தில் ‘மறுசுழற்சி’ என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். எங்கிருந்து வந்த பொருள், எந்த உறுப்பில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறார் என்றால் அந்த எண்ணை லேபிளில் ஏற்றாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் எழுதிக் கொடுத்தது இது:

“பாட்டிலின் உடலில் 30% பிளாஸ்டிக், மக்கள் பயன்படுத்தி எறிந்த பாட்டில்களிலிருந்து மீட்டது. பம்பும் லேபிளும் புதிய பிளாஸ்டிக்.”

இலைகள் இல்லை. எடை பற்றிய வரியும் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் “எங்கள் முந்தைய 500 மில்லி பாட்டிலோடு ஒப்பிட்டால், ஒரு லிட்டர் சோப்புக்கு 5% குறைவான பிளாஸ்டிக்” என்று போடலாம் என்றேன். என் கருத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது. கொள்ளளவைக் குறைத்த வேளையில் பிளாஸ்டிக் குறைந்ததை முன்னே வைத்தால், வாங்குபவர் 50 மில்லி குறைந்ததைக் கவனிக்காமல் போகக்கூடும். அவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

“இப்படி எழுதினால் சின்னதாகத் தெரிகிறதே” என்றார்கள். மாற்றம் சின்னதுதான், ஆனால் உண்மையான மாற்றம். முன்பு மீட்டெடுத்த பிளாஸ்டிக் ஒரு துளியும் இல்லாத உடலில் இன்று 30 சதவீதம் இருக்கிறது. அதற்காக உங்கள் ஆலையில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததை அப்படியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். ‘பூமியை நேசிக்கும்’ என்று எழுதினால் எதுவுமே மாற்றாத நிறுவனத்தின் பாட்டிலும் உங்கள் பாட்டிலும் அலமாரியில் ஒன்றாகிவிடும்.

‘முழுவதும் மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்று அடியில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கடைசியாகக் கேட்டார்கள். பம்பைப் பிரித்துப் பாருங்கள் என்றேன். உள்ளே வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக்குகள் இருந்தன. ‘முழுவதும்’ என்ற சொல்லுக்கு அங்கேயே இடமில்லாமல் போனது. உடலைப் பற்றிச் சொல்வதானாலும், பாட்டில் விற்கப்படும் இடங்களில் அந்தப் பிளாஸ்டிக்கைச் சேகரிக்கும் வசதி வாங்குபவர்களில் கணிசமானவர்களுக்கு எட்ட வேண்டும். அந்தத் தகவல் வரும்வரை “பம்பைக் கழற்றிவிட்டு, பாட்டிலைத் தனியே பிளாஸ்டிக் சேகரிப்பில் போடவும்” என்ற குறிப்பு மட்டும் போதும்.

லேபிள் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகத்தை அனுப்பும் முன் பழைய பாட்டிலையும் புதிய பாட்டிலையும் காலி செய்து, கழுவி, உலர்த்தி, உடல், பம்ப், லேபிள் என்று பிரித்து நீங்களே எடை போடுங்கள். கொள்ளளவை அருகில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைத் தயாரிப்பாளரின் கடிதத்தோடு கோப்பில் வையுங்கள். யார் கேட்டாலும் காட்டக்கூடியதாக இருக்கட்டும். ‘முந்தைய பாட்டிலைவிட’ என்று எழுதினால், அந்த வரியை எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்ற தேதியையும் அதே தாளில் எழுதுங்கள். பழைய பாட்டில் கடைகளிலிருந்து மறைந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்த ஒப்பீட்டைச் சுமக்கும் லேபிள்கள் என் மேசைக்கு இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.