பத்து நிமிடச் சராசரியை நம்பலாமா?

கையடக்க ஜிபிஎஸ் கருவியை எல்லைக்கல்லின் மேல் வைத்து, பத்து நிமிடம் சராசரி எடுத்துவிட்டு, "600 அளவீடுகள், பிழை 20 சென்டிமீட்டர்தான்" என்று அறிக்கை எழுதுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அவர்கள் போடும் கணக்கு இதுதான்: ஒரு அளவீட்டின் பிழை 5 மீட்டர், 600-இன் வர்க்கமூலம் சுமார் 24, வகுத்தால் 20 சென்டிமீட்டர். வகுத்தலில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு அளவீட்டின் பிழையும் மற்றதைச் சாராமல் இருந்தால்தான் இந்த விதி செல்லும். நொடிக்கு ஒன்றாக வரும் அளவீடுகள் அப்படிப்பட்டவை அல்ல.

அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துவதும், அருகிலுள்ள சுவரில் பட்டு அது திரும்பி வருவதும் நொடிக்கு நொடி மாறிவிடுவதில்லை. பல நிமிடங்கள், சில வேளை மணிக்கணக்கில் ஒரே பக்கமாக இழுக்கின்றன. அதனால் 600 எண்களும் ஏறத்தாழ ஒரே பிழையையே திரும்பச் சொல்கின்றன. போதாக்குறைக்கு, சில கருவிகள் நாம் அசையாமல் நின்றால் இடத்தைத் தாமே உறையவைத்துவிடும். கடைசி இலக்கம்கூட மாறாமல் நிற்பதைத் துல்லியம் என்று எண்ணிவிட வேண்டாம்.

எனவே நீண்ட நேரம் நிற்பதைவிட, விட்டுவிட்டுத் திரும்பி வருவதே பலன் தரும். கார்மின் கருவிகளின் கையேடு நான்கு முதல் எட்டு மாதிரிகளை, இடையில் குறைந்தது 90 நிமிடம் விட்டு எடுக்கச் சொல்கிறது. அதற்குள் வானில் செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறிவிடும். மறுநாள் செல்வதானால் வேறு வேளையில் செல்லுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 23 மணி 56 நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்புவதால், அதே நேரத்தில் போனால் அதே சுவர் அதே பிழையைத் தரும்.

எடுத்துக்காட்டாக, ஒரு புள்ளியில் வெவ்வேறு வேளைகளில் ஐந்தைந்து நிமிடம் எடுத்த நான்கு சராசரிகளின் கிழக்குத் தூரம், முழு மீட்டரில் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எழுதினால், 412.3, 416.1, 413.8, 415.0 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்குள்ளும் எண்கள் ஒரு மீட்டருக்குள்தான் ஆடின. முதல் தடவையோடு கிளம்பியிருந்தால் 412.3-ஐ உறுதியாக நம்பியிருப்போம். நான்கின் சராசரி 414.3, அவற்றின் திட்டவிலக்கம் 1.6 மீட்டர். நான்கின் வர்க்கமூலமான இரண்டால் வகுத்தால், சராசரியின் பிழை சுமார் 0.8 மீட்டர். இங்கே அந்த விதி ஓரளவு நியாயமாகப் பொருந்துகிறது, ஏனெனில் எண்ணிக்கை நான்குதான், 1,200 அல்ல.

இந்த 0.8-க்குள் அடங்காதவையும் உண்டு. கருவியில் வரைபடத்துக்குரிய டேட்டம், அதாவது ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான பூமி மாதிரி, தவறாக அமைந்திருந்தால் எத்தனை நாள் சராசரி எடுத்தாலும் அந்த விலகல் அப்படியே இருக்கும். வானத்தின் பாதியை மறைக்கும் கட்டடத்தின் அடியிலும் இதே கதைதான். அப்படிப்பட்ட இடத்தில், சற்றுத் தள்ளித் திறந்த வெளியில் ஒரு புள்ளியை அளந்து, அங்கிருந்து நாடாவும் திசைகாட்டியும் கொண்டு கல்லுக்கு வருவதையே நான் செய்வேன்.