எது துப்பு, எது நம் ஆசை?

மும்பை அந்தேரியில் வெப் தொடர்களுக்கு ஸ்கிரிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். யூனிட்டில் எல்லோருக்கும் நான் ‘கன்டினியூட்டி மேடம்’. ஒரு ஷாட்டில் இடது கையில் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டில் வலது கைக்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

சில வருடங்களுக்கு முன் ஒரு மர்மத் தொடரில் வேலை பார்த்தேன். கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம். ஒரே காட்சியை நாள் முழுக்கப் பல கோணங்களில் எடுப்போம். கடிகாரம் ஓடினால் ஒருவர் கேள்வி கேட்கும்போது பத்து மணியும், எதிரே இருப்பவர் பதில் சொல்லும்போது மூன்று மணியும் காட்டும். டிக் டிக் சத்தம் வேறு மைக்கில் விழும். அதனால் பேட்டரியைக் கழற்றி 4:10-இல் நிறுத்தி வைத்தேன். பத்து நாள் கழித்து அதே கூடத்தில் வேறொரு காட்சி எடுத்தபோது முள்ளை நகர்த்த மறந்துபோனேன். தொடர் வெளியானதும் ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வீட்டில் காலம் உறைந்துவிட்டது, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் 4:10-க்கு இறந்துபோனவர்கள் என்று நீளமாக விளக்கினார்கள். என் மறதிக்கு அவ்வளவு அழகான காரணம் எனக்கே தோன்றியிருக்காது.

2021-இல் என் அக்கா மகன் இதே போல ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். செம்பூரில் அவர்கள் வீடு. ஜனவரி 15 முதல் மார்ச் 5 வரை ஒன்பது பாகங்களாக வந்த ‘வாண்டாவிஷன்’ அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வாண்டா என்ற மந்திர சக்திக்காரி வெஸ்ட்வியூ என்ற ஊரையே தன் மாயத்தில் சிக்க வைத்து, கணவன் விஷனோடும் குழந்தைகளோடும் பழைய சிட்காம் போலக் குடும்பம் நடத்தும் மார்வெல் தொடர் அது. இனி அதன் முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அவன் நோட்டில் இரண்டு ஊகங்கள் இருந்தன. பக்கத்து வீட்டு ஆக்னஸ் உண்மையில் அகாதா ஹார்க்னஸ் என்ற சூனியக்காரி என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால் மெஃபிஸ்டோ என்ற சாத்தான் இருக்கிறான் என்பது இன்னொன்று. முதலாவது பலித்தது, இரண்டாவது பலிக்கவில்லை. ஒரே ஆள், ஒரே தொடர், ஒரே நோட்டு. ஆனால் எது நிற்கும், எது நிற்காது என்பதை ஆறாம் பாகம் முடிந்தபோதே ஓரளவு சொல்லியிருக்கலாம்.

“சித்தி, ரெண்டாவது பாகத்துல ஊர்க்காரி டாட்டி ‘சாத்தான் நுணுக்கங்களில் இருக்கிறான்’னு சொல்றா. ஆக்னஸ் உடனே ‘அங்கே மட்டுமா இருக்கான்’னு முணுமுணுக்கிறா. இதைவிட என்ன வேணும்?” என்றான்.

சரி, அந்த வசனம் எழுதி வைத்து எடுத்தது, தற்செயல் இல்லை. ஆனால் ஆக்னஸ் சூனியக்காரியாக மட்டும் இருந்தாலும் அந்த வசனம் அப்படியே பொருந்தும். பழைய சிட்காம் பாணி நக்கல் என்று வைத்தாலும் பொருந்தும். மூன்று விளக்கங்களுக்கும் சமமாகப் பொருந்துகிற துப்பு, மூன்றில் எதையும் தூக்கிவிடாது. அதனால் நோட்டில் ஒவ்வொரு துப்புக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதச் சொன்னேன்: ‘மெஃபிஸ்டோ இல்லாவிட்டாலும் இந்தக் காட்சி இப்படித்தான் இருந்திருக்குமா?’ அன்று இரவே அந்தப் பக்கம் பாதி காலியாகிவிட்டது. ஆறாம் பாகத்தில் வாண்டாவின் சகோதரன் பியெட்ரோ அவள் குழந்தைகளை ‘பிசாசுக் குட்டிகளே’ என்கிற ரீதியில் கூப்பிடுவதும் போயிற்று. அது ஹாலோவீன் இரவு. குறும்புக்கார மாமா வேறு எப்படிக் கூப்பிடுவார்?

மிச்சம் நின்றது படக்கதைதான். மார்வெல் காமிக்ஸில் வாண்டாவின் இரட்டைக் குழந்தைகள் மெஃபிஸ்டோவின் ஆன்மாத் துண்டுகளிலிருந்து வந்தவர்கள். அது உண்மை. ஆனால் மூலக்கதையில் இருப்பது, ‘இதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு’ என்று மட்டும்தான் சொல்லும். எடுத்துக்கொண்டார்களா என்பதைத் திரைதான் சொல்ல வேண்டும்.

இப்போது ஆக்னஸ் பக்கம் வருவோம். அகாதாவின் முதல் அசையும் ஹார்க்னஸின் கடைசி அசையும் சேர்ந்தால் ஆக்னஸ் என்பதை எல்லோரும் கவனித்தார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். பெயர் விளையாட்டை ரசிகர்களைச் சுற்றவிடுவதற்காகவும் வைக்கலாம். என்னை நிமிர வைத்தது நான்காம் பாகம். வெளியே முகாம் போட்டிருக்கும் அதிகாரிகள், வெஸ்ட்வியூ ஊர்க்காரர்களின் படங்களைப் பலகையில் ஒட்டி, இவர் உண்மையில் இன்னார் என்று அடையாளம் காண்கிறார்கள். அவர்களில் ஒருவரான ஜிம்மி வூ சில பெயர்களை வாய்விட்டே சொல்கிறார். ஆக்னஸின் படத்துக்கு அடையாள அட்டை இல்லை.

என் தொழில் கண்ணுக்கு இது ஏன் பெரிய விஷயம்? கடிகாரம் அந்தக் கூடத்தில் சும்மா தொங்கியது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்தப் பலகை அப்படியில்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் மற்றவர்களுக்கு அட்டை அச்சடித்துப் படம் ஒட்ட வேண்டும், பெயர்கள் வசனத்தில் எழுதப்பட வேண்டும், காமிரா அங்கே போக வேண்டும். பல கைகள் வழியாக வந்த ஒன்றில் விடுபட்ட இடம், பெரும்பாலும் யாரோ யோசித்து விட்ட இடம். அதுவும் போக, அவள் சிக்கிக்கொண்ட சாதாரண ஊர்க்காரி என்றால் அந்தக் காலியிடத்துக்கு வேலையே இல்லை. இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் துப்பு வெட்டுகிறது. காமிக்ஸ் தெரியாதவருக்கும் இது தெரியும்.

எதிர்ச்சான்றும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆறாம் பாகத்தில் ஊர் எல்லையில், காருக்குள் ஆக்னஸ் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். விஷன் அவளை விழிக்க வைத்ததும், நான் செத்துவிட்டேனா என்று பதறுகிறாள். மற்றவர்களைப் போல அவளும் பலிதான் என்று தோன்றும் காட்சி. “அப்ப இதுக்கு என்ன பண்றது?” என்று அக்கா மகனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “அவ நடிக்கிறா. அடுத்த பாகத்துல அவளுக்கு வேற ஒரு நிஜப் பேரும் குடும்பமும் காட்டிட்டா, நான் தப்பு” என்று எழுதிவைத்தான். எந்த இடத்தில் தோற்கும் என்று தானே சொல்லிக்கொள்கிற ஊகம் அது. ஏழாம் பாகத்தில் அவள் வீட்டு நிலவறை திறந்தது; அவள் அகாதாதான்.

மெஃபிஸ்டோவுக்கு அப்படி ஒரு வரி எழுதச் சொன்னால் அவனால் முடியவில்லை. முதலில், ஆக்னஸ் பேச்சில் மட்டும் வந்து திரையில் வராத அவள் கணவன் ரால்ஃப்தான் சாத்தான். ஐந்தாம் பாகத்தில் நடிகர் இவான் பீட்டர்ஸ் பியெட்ரோவாக வாசலில் வந்து நின்றதும் சாத்தான் அவருக்கு மாறினான். அப்புறம் ஆக்னஸின் முயலுக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆள் மாறியது, முடிவு மட்டும் மாறவில்லை. இதைக் கண்டால் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள். விஷனாக நடித்த பால் பெட்டனி, தான் வெகுநாளாகச் சேர்ந்து நடிக்க ஆசைப்பட்ட ஒரு நடிகர் வருகிறார் என்று பேட்டியில் சொன்னதையும் சான்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் சொன்னது தன்னையேதான்; பின்னால் வரும் இன்னொரு விஷனான வெள்ளை விஷனும் அவரே. பேட்டி என்பது பல நேரம் விளம்பரத்தின் ஒரு பகுதி, அதைத் திரைத் துப்போடு ஒரே தராசில் வைக்க முடியாது.

ஒன்பதாம் பாகத்தில் பியெட்ரோவாக வந்தவரின் புகைப்படத்தில் ‘ரால்ஃப் போனர்’ என்று பெயர் இருந்தது. அவ்வளவுதான், சாதாரண ஊர்க்காரர். அக்கா மகன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்றான். தொடர் அந்த வாக்குறுதியைக் கொடுக்கவே இல்லை என்று நான் சொன்னது அந்த நேரத்தில் எடுபடவில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. முயல் பேயாக உருமாறும் ஒரு காட்சி எடிட்டிங்கில் போய்விட்டது என்று இயக்குநர் மேட் ஷக்மன் பின்னால் சொன்னார். ஆக, முயலைச் சந்தேகித்தவர்கள் முழு முட்டாள்கள் இல்லை. வேண்டுமென்றே வைத்த துப்புகூட, அதன் விடை வெட்டப்பட்டால் அனாதையாக நின்றுவிடும். எங்கள் வேலையில் இது அடிக்கடி நடக்கும். பார்ப்பவருக்கு அதை அறிய வழியே கிடையாது.

அவன் இப்போது கல்லூரி முடித்துவிட்டான். போன வாரம் ஏதோ புதுத் தொடரிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். சுவரில் கடிகாரம், 2:35. கீழே ஒரே கேள்வி: “சித்தி, இதுல பேட்டரி இருந்திருக்குமா?”