புளிக்காய்ச்சலை அலுமினிய அண்டாவில் விட்டால் என்ன ஆகும்?

சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் விடுதி மெஸ்களுக்கும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புளியோதரையில் "பாத்திர வாடை" அடிக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, புளிக்காய்ச்சலை எதில் காய்ச்சினீர்கள் என்பதல்ல. காய்ச்சியதை ராத்திரி எதில் வைத்தீர்கள் என்பதுதான்.

சமீபத்தில் ஒரு கல்யாணச் சமையல் குழுவில் இதே புகார். மாஸ்டர் கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. புளியை மாற்றிப் பார்த்தார், நல்லெண்ணெயை மாற்றிப் பார்த்தார், வாடை போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அலுமினிய அண்டாவில் காய்ச்சி, அதிலேயே மூடி வைத்து, விடிகாலையில் சாதத்தில் கிளறுவது அவர்கள் வழக்கம். அண்டாவைக் கழுவிக் காட்டச் சொன்னேன். புளி நின்ற மட்டம் வரை உட்புறம் புதுப் பாத்திரம் போலப் பளபளப்பு, அதற்கு மேலே மங்கிய சாம்பல் நிறம். அடியில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். அந்தப் பளபளப்பைச் சுத்தத்தின் அடையாளமாக அவர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் அலுமினியத்தின் மேல்தோல் கரைந்து புளியோடு போய்விட்டதைத்தான் அது காட்டியது.

அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். நாம் அந்தப் பாத்திரத்தில் தைரியமாகச் சமைக்க முடிவது அதனால்தான். பி.எச். அளவு சுமார் 4-லிருந்து 8.5 வரை இருக்கும்போது படலம் தாக்குப்பிடிக்கும். அரிசி, பருப்பு, பால் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். கெட்டிப் புளிக்கரைசல் 3-ஐ ஒட்டி இருக்கும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் படலத்தை அரிப்பதோடு நிற்காமல், கரைந்து வரும் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் உடையது. அதனால் கரைவது தொடர்ந்துகொண்டே இருக்கும். உப்பு சேர்ந்தால் அதன் குளோரைடு படலத்தில் பலவீனமான இடமாகப் பார்த்து இறங்கும். குழிகள் விழுவது அப்படித்தான்.

இப்போது புளிக்காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். புளியும் உப்பும் சேர்ந்து கொதித்து, தண்ணீர் வற்றி இரண்டும் செறிவாகி, அப்புறம் இரவு முழுக்க அதே பாத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்தைக் கரைக்க வேண்டுமென்றே ஒரு முறையை யோசித்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது. தக்காளி ரசம் அப்படியில்லை. தக்காளியின் பி.எச். பெரும்பாலும் 4-க்குச் சற்று மேலே, ரசமோ கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் தக்காளித் தொக்கு நின்று சுண்டுவது, அதோடு உப்பும் அதிகம். அதைப் புளிக்காய்ச்சலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மாஸ்டர் நம்பவில்லை. சரி, ஒரே கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எவர்சில்வரிலும் இன்னொன்றை அலுமினியத்திலும் காய்ச்சச் சொன்னேன். இறக்கியவுடன் ருசித்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியே வைத்து மறுநாள் காலையில் ருசித்தார். அலுமினியத்தில் இருந்தது நாக்கை இழுத்துப் பிடித்தது. படிகாரமும் ஓர் அலுமினிய உப்புதான், அதே துவர்ப்பு. புளிக்கே கொஞ்சம் துவர்ப்பு உண்டு என்பதால் தனியாக ருசித்தால் ஏமாந்துவிடுவோம், பக்கத்தில் ஒப்பிட ஒன்று வேண்டும்.

இரும்பும் செம்பும் கலந்தால் வரும் வாடை வேறு மாதிரி. அவை எண்ணெயையும் வாயிலுள்ள கொழுப்பையும் ஆக்சிஜனேற்றம் செய்து மணப்பொருள்களை உண்டாக்கும், அது மூக்கின் வழியாகவே தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு ருசித்தால் இரும்பு வாடை பெரும்பாலும் அடங்கிவிடும், அலுமினியத் துவர்ப்பு அடங்காது. இரும்புச் சட்டியில் வத்தக்குழம்பு கறுத்துப்போவதும் இப்படி இரும்பு கரைவதால்தான். ருசிதான் கெடும், பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை.

உடம்புக்கு என்ன ஆகும் என்று உடனே கேட்பார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம் அலுமினியம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு வாரம் 60 மில்லிகிராம், எல்லா உணவும் சேர்த்து. வயிற்றுக்குள் போவதில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் சேரும், அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஆகவே ஒரு நாள் புளியோதரை சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. தினமும் அலுமினியத்தில் சாம்பார் காய்ச்சி அதிலேயே வைத்திருக்கும் மெஸ்ஸை நடத்துபவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இண்டாலியம் வேறு உலோகம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதுவும் அலுமினியக் கலவைதான், கனமாக வார்த்திருப்பார்கள், அவ்வளவே. பழைய இரும்புக்கடைச் சரக்கை உருக்கி வார்த்த மலிவான பாத்திரங்களில் காரீயமும் கலந்திருக்கலாம். இண்டாலியம் உள்ளிட்ட சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்தது. முத்திரையில்லாத, எடை போட்டு விற்கும் வார்ப்புப் பாத்திரத்தைப் புளிப்புக்குத் தொடாதீர்கள் என்று நான் கறாராகவே சொல்வேன்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஈயம் பூசாத பித்தளைக்கும் செம்புக்கும்தான். புளி பட்டால் செம்பு வேகமாக இறங்கும். அளவு கூடினால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே குமட்டல், வாந்தி. சரியாக ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் உணவை வைத்து விற்பதை இந்திய உணவுச் சட்ட விதிகளும் அனுமதிப்பதில்லை. உள்ளே வெள்ளைப் பூச்சுக்கு நடுவே மஞ்சளோ சிவப்போ எட்டிப்பார்த்தாலோ, மூலையில் பச்சைக் களிம்பு தெரிந்தாலோ, மறுபடி பூசும் வரை அதில் புளி வேண்டாம். பூசக் கொடுக்கும்போது சுத்தமான வெள்ளீயமா என்று கேளுங்கள். பற்றவைக்கும் ஈயத்தில் காரீயம் கலந்திருப்பது சகஜம்.

அந்தச் சமையல் குழுவுக்குப் புது அண்டாவே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பருப்பையும் சாதத்தையும் அலுமினியத்திலேயே வேகவைக்கட்டும். புளி சேரும் வேலையை மட்டும் அடிகனமான எவர்சில்வருக்கு மாற்றினார்கள். அலுமினியம் அளவுக்கு எவர்சில்வர் சூட்டைப் பரப்பாது, அதனால் முதல் தடவை அடிப்பிடித்து மாஸ்டர் என்னைத் திட்டினார். தீயைக் குறைத்து, எண்ணெயை முன்னாலேயே ஊற்றி, கெட்டியாகத் தொடங்கியதும் கரண்டியை எடுக்காமல் கிண்டினால் சரியாகிவிடுகிறது. வீட்டு அளவுக்கு என்றால் என் தேர்வு கல்சட்டி. மாக்கல் புளியோடு வினைபுரியாது, அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். புதுச் சட்டியைச் சில நாள் சுடு வடிகஞ்சி ஊற்றிப் பழக்கி, எண்ணெய் தடவி, சிறு தீயில் தொடங்க வேண்டும்; அவசரப்பட்டால் விரிசல் விடும். உள்ளே வண்ணப் பளபளப்புப் பூசாத மண்சட்டியும் நல்லதே.

அலுமினிய குக்கர் மட்டும்தான் இருக்கிறது என்றால், புளியும் தக்காளியும் உள்ளே வைக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் வேகட்டும். குக்கரின் உட்புறம் வெந்நீர் கொதித்துக் கறுத்திருந்தால் அந்தக் கறுப்பைக் கம்பிநாரால் தேய்த்து எடுக்காதீர்கள். அது ஆக்சைடு படலம் தடித்ததன் நிறம், புளியால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கரைவது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.