‘கவனக்குறைவு’ என்று எழுதும் முன் விடைத்தாளைப் பாருங்கள்

“கணிதத்தில் கவனக்குறைவு அதிகம். இன்னும் முயற்சி தேவை.” முன்னேற்ற அறிக்கைகளில் அடிக்கடி காணும் குறிப்பு இது. படிக்கும் பெற்றோருக்குப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது தெரிவதில்லை. அதனால் “கவனமா போடு” என்று கண்டிப்பதோடு அவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கழித்தல் தாளை எடுத்துக்கொள்வோம். பத்துக் கணக்கில் ஆறு சரி, நான்கு தவறு. 543 − 278 என்பதற்கு 265 என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். ஆனால் 503 − 278 என்பதற்கு 225 வரவேண்டிய இடத்தில் 275 இருக்கிறது. தவறான நான்கிலும் மேல் எண்ணின் நடுவில் பூஜ்யம். பத்தில் கடன் வாங்க ஒன்றும் இல்லை என்றதும், நூறிலிருந்து நேராக ஒன்றுக்குக் கடன் வாங்கிவிடுகிறாள். பிறகு பத்தாம் இடத்தில் பூஜ்யத்திலிருந்து 7 போகாது என்பதால், 7ஐ அப்படியே எழுதிவிடுகிறாள்.

கவனக்குறைவால் வரும் பிழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரே பிழை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் படி இன்னும் புரியவில்லை என்று பொருள். அதைக் கவனக்குறைவு என்று எழுதினால், புரியாத ஒன்றுக்காகக் குழந்தை திட்டு வாங்கும்.

அதே குறிப்பை இப்படி எழுதலாம்:

“மூன்று இலக்க எண்களில் கடன் வாங்கிக் கழிக்க நன்றாக வருகிறது. நடுவில் பூஜ்யம் வரும் கணக்குகள் இன்னும் பிடிபடவில்லை. இந்தத் தேர்வில் அவை நான்கும் தவறு. அடுத்த இரண்டு வாரம் குச்சிக் கட்டுகளை வைத்து வகுப்பில் மீண்டும் சொல்லித்தருகிறேன். வீட்டில் 402 − 156 போல நாளுக்கு இரண்டு கணக்கு போதும். விடையை விட, எங்கிருந்து கடன் வாங்கினாள் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சிறு தேர்வு வைத்து உங்களுக்குச் சொல்கிறேன்.”

இதில் பாராட்டும் விடைத்தாளிலிருந்தே வருகிறது. “நல்ல பெண், அமைதியானவள்” என்று தொடங்கினால், குறையைச் சொல்லுமுன் போடும் சர்க்கரை அது என்று பெற்றோருக்குப் புரிந்துவிடும். அதேபோல நான்கும் தவறு என்பதை மறைக்கவும் இல்லை. “ஓரளவு சிரமப்படுகிறாள்” என்று மழுப்பினால், அடுத்த பருவத்தில் மதிப்பெண் இறங்கும்போது ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

வீட்டு வேலையின் அளவை எழுதாமல் விடாதீர்கள். “வீட்டில் பயிற்சி தேவை” என்று மட்டும் இருந்தால், கவலையில் சிலர் ஒரே மாலையில் முப்பது கணக்கு போடவைப்பார்கள். புரியாத முறையிலேயே முப்பது முறை போட்டால் அந்தப் பிழை இன்னும் ஊறிப்போகும்.

பிள்ளை வகுப்புக்குரிய நிலையிலிருந்து வெகுவாகப் பின்தங்கியிருந்தால், அறிக்கை வீட்டுக்குப் போகும் முன்பே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். பேசியதையும் எடுத்த முடிவையும் மட்டும் அறிக்கையில் எழுதினால் போதும்.

எல்லாருக்கும் இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைக்காது. முதலில் தவறுகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் தாள்களைத் தனியே எடுத்துவையுங்கள். எழுதி முடித்த குறிப்பைப் பெயரை மறைத்துப் படித்துப் பாருங்கள். வகுப்பில் வேறு மூன்று பேருக்கும் அது பொருந்தினால், மறுபடி விடைத்தாளைத் திறக்க வேண்டியதுதான்.