‘தரம்’ அல்ல, ‘நுணுக்க எண்’

தரம் என்ற சொல்லின் மேல் எனக்குப் பகை இல்லை. ‘கம்ப்ரஷன் குவாலிட்டி’ என்பதன் தமிழாக ‘அமுக்கத் தரம்: 80%’ என்று படச் செயலி ஒன்றின் திரையில் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. போன வாரம் அது எல்லை மீறியது. காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கிக்கொண்டிருக்கும் அண்ணன் மகன் வந்து, “சித்தப்பா, தரத்தை நூறு வைத்தேன். நாலரை எம்பி இருந்த படம் எட்டு எம்பி ஆகிவிட்டது. படத்தில் ஒன்றும் கூடவில்லையே?” என்றான். கூடாது. கூடும் என்று அவனை நம்பவைத்தது அந்தச் சொல்.

வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவாலிட்டி, ‘எத்தகையது’ எனக் கேட்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கம்ப்ரஷன், சேர்த்து அழுத்துவது. நம் ‘தரம்’ வகுத்து வைப்பதைக் குறிக்கும்: முதல் தர அரிசி, இரண்டாம் தர அரிசி. ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்பது வேறு பொருள்.

இப்போது அந்த எண் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜேபெக் என்னும் சேமிப்பு முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் ஒளி ஏற்ற இறக்கத்தையும் 64 எண்களாக மாற்றுகிறது. பிறகு ஒவ்வோர் எண்ணையும், ஒரு பட்டியலில் அதற்கென வைத்திருக்கும் படியால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. இழப்பில் பெரும்பங்கு இங்கேதான் நேர்கிறது. பரவலாகப் புழங்கும் நிரல்களில் 50 என்று வைத்தால் பட்டியலின் முதல் படி 16. உள்ளே வரும் எண் 37 என்றால், வகுத்து முழுதாக்கி, படத்தைத் திறக்கும்போது அதே படியால் பெருக்கினால் திரும்பக் கிடைப்பது 32. 90 என்று வைத்தால் படி 3, கிடைப்பது 36. நூறு வைத்தால் படி 1. அப்போதும் பின்னம் உதிர்கிறது. ஆனால் பூஜ்ஜியமாகி ஒழிய வேண்டிய எண்கள் எல்லாம் உட்கார்ந்து இடத்தை அடைக்கின்றன. எட்டு எம்பி வந்தது அப்படித்தான்.

ஆக அது விழுக்காடே அல்ல. எண்பதில் மூலப் படத்தின் எண்பது பங்கு இருக்கிறது என்பது கட்டுக்கதை. ஒரு செயலியின் 80 இன்னொன்றின் 80 ஆக வேண்டியதில்லை. ஃபோட்டோஷாப்பின் ‘Save As’ பெட்டியில் இந்த அளவே 0 முதல் 12 வரைதான். இதில் ‘அமுக்க’ என்பதை முன்னால் ஒட்டியவர் இன்னும் கெடுத்தார். அமுக்கத்தின் தரம் உயர்ந்தால் அதிகம் அமுங்கும் என்றல்லவா தமிழ்க் காது கேட்கும்? நேர்மாறாக, எண் ஏறினால் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் என்பதைப் பம்புக்கும் டயருக்கும் விட்டுவிடலாம். கோப்புக்குச் ‘சுருக்கம்’ போதும். நான் சொல்வது ‘நுணுக்க எண்’. எண் ஏறினால் படி நுணுகுகிறது, கோப்பு பெருக்கிறது. ‘தெளிவு அளவு’ என்பாரும் உண்டு. தெளிவு லென்ஸில் இருக்க வேண்டியது, சேமிக்கும்போது வராது.

அவன் படத்தையே எடுத்துக்கொண்டோம். வளவில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பின்னால் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். நாலாயிரம் புள்ளி அகலத்தை முதலில் 1600 ஆக்கினோம்; சுமையில் பெரும்பகுதி அதிலேயே இறங்கியது. பிறகு 60 வைத்தோம். தூண்களும் நிலைக்கதவுச் செதுக்கலும் கெடவில்லை. சுவரில் மட்டும் நிழல் மெல்ல இறங்கும் இடத்தில் கட்டம் கட்டமாகத் திட்டு. நுணுக்க வேலைப்பாடு பழுதை மறைக்கும், வெற்றுச் சுவர் காட்டிக்கொடுக்கும். 82இல் திட்டு மறைந்தது.

ஆனால் கல்லின் சிவப்பும் பச்சையும் சேரும் விளிம்பு கசங்கியே இருந்தது. 85 வைத்தும் தீரவில்லை. காரணம் இந்த எண்ணே அல்ல. இடம் மிச்சம் பிடிக்க, நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்று நிறத்தை மட்டும் குறைத்து வைக்கும் வழக்கம் உண்டு. ஒளி அளவு ஒத்த இரு நிறங்கள் ஒட்டி நின்றால் விளிம்பு கரைகிறது. கண்டாங்கிச் சேலைக் கட்டத்திலும் இதைப் பார்க்கலாம். இந்த நிறக் குறைப்பை நிறுத்த வேண்டும். இமேஜ்மேஜிக் நிரலில் 4:4:4 என்று சொல்லி நிறுத்தினோம்:

```
magick valavu.jpg -resize 1600x -quality 82 -sampling-factor 4:4:4 valavu-1600.jpg
```

விளிம்பு நிமிர்ந்தது, கோப்பு அரை எம்பிக்குள் நின்றது. அகலத்தை மட்டும் 1600 ஆக்கிய மூலத்தையும் இதையும் முழு அளவில் ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தோம். எதுவும் துள்ளவில்லை. சேமித்ததையே திறந்து மறுபடி சுருக்கினால் பழுது பழுதின் மேல் ஏறும். மூலத்தை அழிக்காதே என்று மட்டும் சொன்னேன்.

மொழிபெயர்த்தவர் இந்த எண்ணை மாற்றும் நகர்த்தியை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் ‘அமுக்கத் தரம்’ என்று எழுதியிருக்க மாட்டார். திரையைப் பாராமல் சொற்பட்டியலை மட்டும் நிரப்பினால் இப்படித்தான் ஆகும். அதே பட்டியலில் அடுத்த வரி, ‘லாஸ்லெஸ் கம்ப்ரஷன்’ என்பதற்கு ‘நட்டமற்ற அமுக்கம்’. அண்ணன் மகன் அதைப் படித்துச் சிரித்துவிட்டான். வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். எங்கள் வீட்டில் நட்டமில்லை என்றால் முதலும் வட்டியும் வந்து சேர்ந்தது என்று பொருள்.