அரை மாறிவிட்டது, புதிய வரி: காதால் எழுதப்பட்ட ஒரு செய்தி

பார்வையற்ற நண்பர் ஒருவரிடமிருந்து உங்களுக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"அரை மாறிவிட்டது புதிய வரி அரை மணி நேரம் தாமதமாக வருகிறேன் அனுப்பு பொத்தான்"

முதல் பார்வையில் இது எழுத்துப்பிழை மலிந்த, பாதியில் குழம்பிப்போன செய்தி. ஏதோ வரி விதித்திருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றும். உண்மையில் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. "அறை மாறிவிட்டது" என்றார். அடுத்த வரிக்குப் போகச் சொல்லி "புதிய வரி" என்று கட்டளையிட்டார். "அரை மணி நேரம் தாமதமாக வருகிறேன்" என்று முடித்தார். இந்த ஒற்றை வரியில் மூன்று விதமான பிசகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. வாலிலிருந்து தொடங்கினால் புரிந்துகொள்வது எளிது.

"அனுப்பு பொத்தான்" என்பது நண்பரின் சொல்லே அல்ல. அவருடைய திரைவாசிப்பான் பேசியது. திரைவாசிப்பான் என்பது திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள். விரலோ கர்சரோ எதன்மேல் நிற்கிறதோ அதன் பெயரையும் வகையையும் சொல்லும். "அனுப்பு" என்பது பெயர், "பொத்தான்" என்பது வகை. செய்தியை முடித்துவிட்டு நண்பர் அனுப்பும் பொத்தானைத் தேடினார். திரைவாசிப்பான் கடமை தவறாமல் அதை அறிவித்தது. மைக் இன்னும் திறந்திருந்ததால், அறிவிப்பும் செய்தியோடு சேர்ந்துகொண்டது.

குரலால் எழுதுவதில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. குரல்வழித் தட்டச்சு என்பது பேசும் நேரத்துக்கு மட்டும் மைக்கைத் திறப்பது. ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர், எழுதும் பெட்டியில் இரண்டு விரல்களால் இருமுறை தட்டி மைக்கைத் திறப்பார், அதேபோல் தட்டி மூடுவார். குரல் கட்டுப்பாடு என்பது வேறு. கையை அசைக்க இயலாதவர்களுக்காக உருவான அதில் மைக் தொடர்ந்து திறந்தே இருக்கும். சொல்வது எல்லாம் எழுத்தாகவோ கட்டளையாகவோ மாறும். ஆப்பிள் இதை 2019இல் ஐபோனுக்கும் மேக்குக்கும் கொண்டுவந்தது. பார்வைக் குறைபாட்டோடு கைக் குறைபாடும் உள்ளவருக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு தவிர்க்க முடியாதது. அங்கேதான் ஒரே அறையில் இரண்டு குரல்கள் பேசுகின்றன, ஒரு மைக் கேட்கிறது.

ஹெட்செட் அணிந்தால் தீராதா? திரைவாசிப்பானின் குரல் மைக்குக்கு எட்டாது, அது உண்மை. ஆனால் புளூடூத் ஹெட்செட்டுகளில் பலவும் மைக்கைத் திறந்தவுடன், பாட்டுக் கேட்கும் நிலையிலிருந்து தொலைபேசி அழைப்பு நிலைக்கு மாறிவிடுகின்றன. அந்த நிலையில் ஒலி வினாடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளக்கப்படுகிறது. 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் போய்ச் சேராது. ஸகரத்தின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. நிலை மாறுவதற்கும் ஒரு கணம் பிடிக்கும்; அந்தக் கணத்தில் பேசத் தொடங்கியவரின் முதல் அசை காணாமல் போகும். ஒரு செய்தி தலையில்லாத சொல்லோடு தொடங்கினால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

இனி நடுவில் நிற்கும் "புதிய வரி". கேட்ட சொற்கள் எழுத்தா, கட்டளையா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இதற்கு நெடுநாளாகப் பின்பற்றப்படும் வழி, மௌனத்தைக் கவனிப்பது. முன்னும் பின்னும் சிறு இடைவெளி விட்டுச் சொன்னது கட்டளைப் பட்டியலில் அப்படியே இருந்தால் அது கட்டளை. வாக்கியத்தோடு ஒட்டி வந்தால் எழுத்து. நண்பர் அவசரத்தில் இடைவெளி விடாமல் சொல்லிவிட்டார். இன்னொரு காரணமும் இருக்கலாம். எல்லாக் கட்டளைகளும் எல்லா மொழிகளிலும் கிடைப்பதில்லை. ஒரு மொழியில் நிறுத்தற்குறியாக மாறும் சொல், இன்னொரு மொழியில் வெறும் சொல்லாக எழுதப்படும். "முற்றுப்புள்ளி" என்று வாக்கிய முடிவில் யாராவது எழுதியிருந்தால் அதன் வரலாறு பெரும்பாலும் இதுதான்.

அப்படியானால் கட்டளைக்கு முன்னும் பின்னும் நிதானமாக நிறுத்திப் பேசவேண்டியதுதானே? இங்கேதான் மூன்றாவது பிசகு, என் கணக்கில் மிகவும் கவனிக்கவேண்டிய பிசகு, வருகிறது. கட்டளைக்கு நன்மை செய்யும் அதே மௌனம் எழுத்துக்கூட்டலைக் கெடுக்கும்.

அறை, அரை இரண்டும் இன்றைய பேச்சில் பெரும்பாலோர் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஒலியை மட்டும் வைத்து எந்த இயந்திரமும் இவற்றைப் பிரிக்க முடியாது. அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். "மாறிவிட்டது" பக்கத்தில் வந்தால் அறை, "மணி நேரம்" பக்கத்தில் வந்தால் அரை என்று பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கும். ஆனால் நண்பர் "அறை" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார். எழுதப்பட்ட சொல்லைத் திரைவாசிப்பான் திருப்பிச் சொல்கிறதா என்று கேட்பதற்காக இருக்கலாம். அந்த மௌனத்தை மென்பொருள் பேச்சு முடிந்ததன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. கையில் இருந்த ஒற்றைச் சொல்லுக்குத் துணையில்லை. அதற்குப் பழக்கமான எழுத்தைப் போட்டு மூடிவிட்டது. அடுத்து வந்த "மாறிவிட்டது" தனி வாக்கியமாகச் சேர்ந்தது. பார்த்துக்கொண்டே பேசுபவருக்கு இப்படி நின்று கேட்கவேண்டிய தேவையில்லை.

பிறகு திரைவாசிப்பான் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியது. "அரை மாறிவிட்டது" என்று படித்தது. நண்பரின் காதில் விழுந்தது அவர் சொன்னதேதான். அவர் கவனக்குறைவானவர் அல்லர், சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். பிழை ஒலியில் பிறந்தது, ஒலியிலேயே சரிபார்க்கப்பட்டது, ஆகவே அவருக்கு அது இல்லவே இல்லை. உங்கள் கண்ணுக்கு வந்த பிறகுதான் அது பிழையாகிறது. சொற்பிழை திருத்தியும் உதவாது. அரை என்பது அகராதியில் உள்ள சொல். அதன் கீழே சிவப்புக் கோடு வராது.

தமிழில் இப்படிப்பட்ட இரட்டைகள் ஏராளம்: கரை, கறை, ஏரி, ஏறி, இரை, இறை. பனி, பணி, மனம், மணம், வலி, வழி போன்றவற்றில் ஒலி வேறுபாடு உண்டு. ஆனாலும் பழகிய பயனர்கள் திரைவாசிப்பானைச் சாதாரணப் பேச்சைவிட மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்பவர்கள். அந்த வேகத்தில், தான் சொன்ன சொல்லையே எதிர்பார்க்கும் காது நாக்கின் சிறு மடிப்பைத் தவறவிடும்.

கண்டுபிடிக்க வழியே இல்லையா என்றால், உண்டு. விண்டோஸில் இயங்கும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில், எண் விசைப்பலகையின் 2 நடப்பு எழுத்தைச் சொல்லும். அதை மூன்று முறை தட்டினால் அந்த எழுத்தின் யூனிகோட் எண்ணைச் சொல்லும். ரகரம் `U+0BB0`, றகரம் `U+0BB1`. அடுத்தடுத்த எண்கள், ஆனால் காதுக்குத் தெளிவாக வேறானவை. பிரெய்ல் திரை வைத்திருப்பவருக்கு இன்னும் எளிது. ரகரத்துக்கும் றகரத்துக்கும் புள்ளிக் கூட்டம் வேறு என்பதால், காது விட்டதை விரல் பிடித்துவிடும். ஆனால் பிரெய்ல் திரை எல்லோரிடமும் இல்லை. நம் உதாரணச் செய்தியில் 35க்கும் மேற்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. தாமதமாகிறது என்று தெரிவிக்க ஒவ்வொன்றிலும் நின்று எண் கேட்கச் சொல்வது நியாயமில்லை. படிப்பவர் தம் பங்கைச் செய்தால் போதும்.

அந்தப் பங்கு முதலில் வாய்விட்டுப் படிப்பதுதான். விசைப்பலகைப் பிழை சொல்லை உடைக்கும்: எழுத்து இடம் மாறும், கால் விழும், பொருளற்ற ஒன்று உருவாகும். குரல் பிழை முழுச் சொற்களையே தரும், இடம்தான் பொருந்தாது. எல்லாம் சரியான சொற்களாக இருந்தும் வாக்கியம் தடுமாறினால், கண்ணை நம்பாமல் காதுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் உடனே திறந்துகொள்ளும். வாலிலோ இடையிலோ "பொத்தான்", "திருத்துப் பெட்டி", "இணைப்பு" போன்ற சொற்கள் இருந்தால் அவற்றைத் திரைவாசிப்பானின் கணக்கில் எழுதிவிட்டு மேலே போகலாம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஓசை ஒத்துப்போனால்தான் ஊகம் பாதுகாப்பானது. "வர வேண்டும்" என்பதும் "வர வேண்டாம்" என்பதும் ஒரே ஓர் உயிரொலியில் வேறுபடுகின்றன. மோசமான மைக்கில் ஒன்று மற்றொன்றாகும். இரண்டுமே ஒழுங்கான வாக்கியங்கள் என்பதால் எந்தத் தடயமும் மிஞ்சாது. மருந்தின் அளவு, தொகை, நேரம், வரவேண்டுமா கூடாதா என்பதெல்லாம் வரும்போது அன்பாக ஊகிப்பதைவிட அன்பாகக் கேட்பதே சரி.

கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "அரை அல்ல, அறை என்று எழுத வேண்டும்" என்று பதில் அனுப்பினால், நண்பரின் திரைவாசிப்பான் அதை ஏறக்குறைய "அரை அல்ல, அரை" என்றே படிக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவருக்கு விளங்காது. தடித்த எழுத்தும் வண்ணமும் பெரும்பாலும் குரலில் வருவதில்லை. எழுத்தைத் தொடாமல் பொருளைத் திருப்பிச் சொன்னால் போதும்: "கூட்டம் நடக்கும் இடம் மாறிவிட்டது, நீங்கள் முப்பது நிமிடம் கழித்து வருவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்த இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்?" இதில் எந்தச் சொல்லும் இன்னொன்றைப் போல ஒலிக்காது. தவறாகப் புரிந்திருந்தால் அவர் ஒரே சொல்லில் மறுக்கலாம். மைக்கைத் திறந்து "ஆம், மேல் மாடி" என்று சொல்லிவிட்டு, அது மூடும்வரை ஒரு நொடி காத்திருந்து அனுப்புவார்.