புதிதாக வந்தவர் மறுபடி வந்தாரா?

மொரிஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் சனிக்கிழமைதோறும் தமிழ் பேசிப் பழக ஒரு கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர்களில் பலர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். வாரம் 5 பேர் புதிதாக வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மறுபடி வருகிறார்கள்?

8 வாரப் பதிவேட்டைப் புரட்டினால் புதியவர்கள் 40 பேர், மறுபடி வந்தவர்கள் 10 பேர். 25 சதவீதம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது தப்பு. போன சனிக்கிழமை முதல்முறை வந்தவருக்குத் திரும்பி வர இன்னும் வாய்ப்பே வரவில்லையே! எல்லோருக்கும் ஒரே அளவு அவகாசம் கொடுக்க வேண்டும்: முதல் வருகைக்கு அடுத்த 4 கூட்டங்களில் ஒன்றுக்காவது வந்தாரா என்று மட்டும் பார்க்கலாம். அந்த அவகாசம் முடிந்தது முதல் 4 வாரங்களில் வந்த 20 பேருக்குத்தான். அவர்களில் 7 பேர் திரும்பியிருந்தால் விகிதம் 35 சதவீதம். மீதி 20 பேரை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அவகாசத்தை நாள்காட்டியை வைத்து எண்ணாமல், நடந்த கூட்டங்களை வைத்து எண்ணுவது நல்லது. புயல் எச்சரிக்கை 3-ஆம் வகுப்புக்குப் போன சனிக்கிழமை யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். அந்த வாரத்தைப் புதியவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பதிவேட்டிலும் ஒரு வம்பு உண்டு. ஒருவரே ஒரு வாரம் பெயரைத் தமிழில் எழுதுவார், அடுத்த வாரம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதுவார். திரும்பி வந்தவர் இப்படி இன்னொரு புதியவராகிவிடுவார், விகிதம் குறைந்துபோகும். பெயரோடு போன் எண்ணின் கடைசி 4 இலக்கங்களையும் வாங்கிக்கொண்டால் போதும்.

அப்புறம், எந்த மாற்றம் பலன் தருகிறது என்ற கேள்வி. புதியவரை வாரத்தின் நடுவில் போனில் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. பிப்ரவரியில் தொடங்கி, விகிதத்தை டிசம்பரோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. டிசம்பர் விடுமுறைக் காலம்; தைப்பூசக் காவடியை ஒட்டி வருகிறவர்களின் ஆர்வமோ வேறு. அதனால் ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு காசைச் சுண்ட வேண்டும்: தலை விழுந்தால் போன், பூ விழுந்தால் இல்லை. சேர்ந்து வந்த குடும்பத்துக்கு ஒரே சுண்டல்தான். அக்காவைக் கூப்பிட்டால் தம்பிக்கும் கூப்பிட்ட மாதிரிதானே.

இதில் சங்கடம், ஆள் எண்ணிக்கைதான். 35 சதவீதம் 50 ஆக உயர்ந்தாலும், அது தற்செயல் இல்லை என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 170 பேர் வேண்டும். இரண்டு பக்கமும் 340 பேர். வாரம் 5 பேர் வீதம் 68 கூட்டங்கள், அதாவது ஒன்றேகால் வருடத்துக்கு மேல். 20 பேரை மட்டும் பார்த்து "போன் வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். சின்னக் கூட்டத்தில் தேநீரின் சுவை, நாற்காலி வரிசை என்று சின்னச் சின்ன மாற்றங்களைச் சோதிப்பதும் வீண். விகிதத்தைப் பெரிதாக அசைக்கும் என்று தோன்றும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆள் சேரும்வரை அதையே தொடர வேண்டும்.